நான் சேர்க்காத டிசம்பர் பில்

என் வாழ்நாளில் நான் எத்தனையோ கடிதங்கள் எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்றே ஒன்றுக்குத்தான் உடனே பலன் கிடைத்தது. அந்தப் பலன் ஒரு மனிதரின் வேலையைத் தின்னப் பார்த்தது.

அறுபதுகளில் நடந்தது இது. சிங்கப்பூரில், தேக்கா சந்தையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு சந்தில் என் கணவர் மாவு மில் வைத்திருந்தார். கீழே மில், மேலே நாங்கள். மிளகாய் அரைக்கும் நாளில் மாடியில் நாங்கள் தும்முவோம், மஞ்சள் அரைக்கும் நாளில் என் வெள்ளைச் சேலைகள் வேறு நிறமாகும். கல்யாணத்துக்கு முன் நான் ஆபீசில் தட்டச்சு வேலை பார்த்தவள். பள்ளி இறுதித் தேர்வான சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவள். அதைப் பேச்சில் எங்கேயாவது நுழைக்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. மாவு மில்லில் அதை நுழைக்க இடம் குறைவு. கொத்தமல்லி அரைக்க வருகிறவர்கள் என் சான்றிதழைக் கேட்பதில்லை.

அதனால் மின்சார பில் தப்பாக வந்தபோது எனக்குள் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் மில்லுக்குப் பெரிய மோட்டார் வாங்கினோம். அதற்காகப் பழைய மீட்டரைக் கழற்றிவிட்டுப் புது மீட்டர் வைத்தார்கள். சுவரில் ஒரு மரப்பலகை, பலகை மேல் மீட்டர், முன்பக்கம் பளபளவென்று கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் ஐந்து சின்ன வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முள். முக்காலி போட்டு ஏறினால்தான் முகத்துக்கு நேராகத் தெரியும். மாதக் கடைசியில் மின்சார ஆபீசிலிருந்து ஒருவர் சைக்கிளில் வருவார். மலாய்க்காரர், காக்கிச் சட்டை, காதில் பென்சில், கையில் நீளமான ஒரு புத்தகம். என் கணவர் அவரை 'அபாங்' என்பார், மலாயில் அண்ணன். அவர் முக்காலியில் ஏறி, டார்ச் அடித்துப் பார்த்து, புத்தகத்தில் குறித்துக்கொண்டு போய்விடுவார். ஒரு வாரத்தில் பில் வரும்.

ஆகஸ்டு பில் சரி. செப்டம்பர் பில் சரி. அக்டோபர் பில்லில் நூறு யூனிட் கூட இருந்தது.

நான் பில்லை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்தவர் என்னை நிமிர்ந்து பார்க்காமலே, முதலில் பணத்தைக் கட்டுங்கள், பிறகு எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து பதில் வந்தது. தீபாவளி நேரத்தில் உங்கள் மில்லில் அதிகம் அரைத்திருக்கக்கூடும், தாங்கள் குறிப்பிட்ட விஷயம் கவனிக்கப்படுகிறது, என்று இரண்டே வரி. தீபாவளிக்கு அரைத்தது நவம்பரில். அக்டோபரில் இல்லை. அந்த இரண்டு வரியைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் என் கணவருக்கு அந்த மாதம் முழுவதும் கிடைத்தது.

"கட்டியாச்சுல்ல, விடு," என்றார் அவர். "கரண்ட்ட வெட்டிட்டா மில் போச்சு. நூறு யூனிட்டுக்காக அவங்ககிட்ட மல்லுக்கு நிக்கணுமா?"

"நூறு யூனிட்டுக்காக இல்லீங்க," என்றேன். எதற்காக என்று சொல்லவில்லை. எனக்கே அப்போது தெளிவாகத் தெரியாது.

ஜனவரியில் மோட்டாரின் பேரிங் போய் மில் ஒன்பது நாள் ஓடவில்லை. ஆனால் பில் மட்டும் முழு மாதத்துக்கு வந்தது. அதற்கும் எழுதினேன். அதற்கும் அதே போல இரண்டு வரி பதில். அந்தப் பதில் வந்தபோது நான் இங்கே இல்லை. எழுதிப் போட்ட கையோடு, பிப்ரவரி முதல் வாரத்திலேயே தலைப்பிரசவத்துக்காக வடக்கே செம்பவாங்கில் என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். பெண் குழந்தை. ஏப்ரல் தொடக்கத்தில் திரும்பி வந்து பார்த்தால் பிப்ரவரி பில்லும் மார்ச் பில்லும் ஒழுங்காக இருந்தன. சரி, திருந்திவிட்டார்கள் என்று நினைத்தேன். ஏப்ரல் பில் வந்தது. மறுபடியும் நூறு கூட.

குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு டைப்ரைட்டரை எடுத்தேன். என் கணவர் சுங்கை ரோட்டில் பழசாக வாங்கிக் கொடுத்தது. அதில் 'e' கொஞ்சம் மேலே தூக்கி விழும். மற்றபடி நல்ல யந்திரம். பில்களை அவர் ஒரு கம்பிக் கொக்கியில் குத்தி மில்லின் தூணில் தொங்கவிட்டிருப்பார். அதிலிருந்து எனக்கு வேண்டியவற்றைக் கழற்றி எடுத்து மாத வரிசைப்படி மேசையில் அடுக்கினேன்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. இங்கே தமிழில் தருகிறேன், அந்தத் திமிர் கொஞ்சம் குறையும். கணக்கு எண், மில்லின் முகவரி, 'பொருள்: மின்கட்டணத்தில் தொடர்ந்து நேரும் தவறுகள்'. அதன் பிறகு ஆதாரங்கள்.

ஒன்று, புது மீட்டர் ஆகஸ்டில் பொருத்தப்பட்டது. முதல் இரண்டு பில்களும் சரி, எனவே மீட்டரில் பழுது இல்லை. இரண்டு, ஆயுத பூஜை முடிந்து எடுத்த அக்டோபர் ரீடிங்கிலிருந்து தவறு தொடங்குகிறது, பில் இணைப்பு. மூன்று, எமது முதல் புகாரும் தாங்கள் தந்த விளக்கமும், தீபாவளி அக்டோபரில் வரவில்லை என்பதற்கு நாட்காட்டித் தாளும் இணைப்பு. நான்கு, ஜனவரியில் மில் ஒன்பது நாள் மூடியிருந்ததற்குப் பட்டறை ரசீது, அதே மாதத்துப் பில். ஐந்து, பிப்ரவரி, மார்ச் பில்கள் சரியாக இருந்தன, அந்த இரு மாதமும் நான் பிரசவத்துக்காக வெளியூரில் இருந்ததால் தங்கள் கடிதத்துக்குப் பதில் தாமதமானது, மன்னிக்கவும். ஆறு, நான் திரும்பி வந்த ஏப்ரலில் தவறும் திரும்பி வந்தது, பில் இணைப்பு.

ஐந்தாவதில் அந்த மன்னிப்பு தேவையே இல்லை. நல்ல கடிதத்தில் ஒரு மன்னிப்பு இருக்க வேண்டும் என்று தட்டச்சுப் பள்ளியில் சொல்லித் தந்திருந்தார்கள்.

முடிவாக எழுதினேன். மீட்டரில் பழுதில்லை, மில்லில் விரயமில்லை, இரண்டு மாதம் சரியாகப் படித்திருப்பதால் தங்கள் ஊழியருக்குப் படிக்கத் தெரியாமலும் இல்லை. ஆகவே இது அலட்சியம். அவர் மீது தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். நகல், எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு.

கணவரிடம் படித்துக் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அபாங் பாவம்லா. நல்ல மனுசன்," என்றார்.

"நல்ல மனுசன்னா நல்லா படிக்கணும்," என்றேன். மறுநாள் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

இந்தத் தடவை இரண்டு வரி வரவில்லை. பத்து நாளில், ஒரு சனிக்கிழமை காலை, ஆளே வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, கையில் கோப்பு. மின்சார ஆபீஸ் இன்ஸ்பெக்டர், தமிழர். அவருக்குப் பின்னால் மீட்டர்காரர் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் காதில் பென்சில் இல்லை. கணவர் மோட்டாரை நிறுத்தினார். அரைக்க வந்திருந்த இரண்டு பெண்கள் போகாமல் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"லெட்டர் எழுதினது நீங்களா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ஆமா. சீனியர் கேம்பிரிட்ஜ்," என்றேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"நல்லா எழுதியிருக்கீங்க. வரிசையா இருக்கு. இந்த மாதிரி ஒரு லெட்டர் எங்களுக்கு வந்ததே இல்ல." கோப்பைத் திறந்தார். என் கடிதத்தில் சிவப்பு மையில் யாரோ கோடு போட்டிருந்தார்கள். "அஞ்சாவது ஆதாரத்துல பிப்ரவரியும் மார்ச்சும் சரின்னு இருக்கு. அந்த ரெண்டு மாசம் மில்லுல என்ன வித்தியாசம்? ஆள் மாறுச்சா? நேரம் மாறுச்சா?"

என் கணவர் யோசித்தார். எதையும் மறைக்கத் தெரியாதவர். "ஒண்ணும் மாறல சார். எல்லாம் அதேதான். இவ இல்ல, அவ்வளவுதான்."

அரைக்க வந்த பெண்களில் ஒருத்தி சிரித்தாள்.

இன்ஸ்பெக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். டார்ச் அடித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இறங்கி, டார்ச்சை என்னிடம் நீட்டினார். "நீங்க ஏறுங்கம்மா. ஏறிப் படிங்க."

"எனக்கு மீட்டர் படிக்கத் தெரியாதே."

"முள்ளு எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

ஏறினேன். அந்த முக்காலி எனக்குப் பழக்கமானதுதான். வாரா வாரம் வெள்ளிக்கிழமை ஏறுவேன். ஆயுத பூஜை அன்று மில்லில் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். மோட்டாருக்கு, அரைக்கும் கல்லுக்கு, தராசுக்கு, சுவிட்சுக்கு. மீட்டரும் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, அதை மட்டும் விட மனம் வரவில்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பழைய சந்தனத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்து, நடுவில் குங்குமமும் வைப்பேன். மோட்டாரை நம்பித்தானே பிழைப்பு, மோட்டார் கரண்டை நம்பியிருக்கிறது என்று கணக்குப் பார்த்துச் செய்த பக்தி. அந்த ஏழு மாதத்தில் செம்பவாங்கில் இருந்த வாரங்கள் தவிர ஒரு வெள்ளி தவறியதில்லை. முந்தின நாள்தான் வைத்திருந்தேன்.

"முதல் வட்டம், பூஜ்யம்," என்றேன். "ரெண்டாவது, மூணுக்கும் நாலுக்கும் நடுவுல."

"மூணாவது?"

மூன்றாவது வட்டம் இல்லை. அந்த இடத்தில் என் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம் இருந்தது. அதன் மேல் குங்குமம். மாவுத்தூசி படிந்து விளிம்பெல்லாம் கெட்டியாக ஒட்டியிருந்தது. ஐந்து வட்டங்களில் மூன்றாவதுதான் நடு. பொட்டை நடுவில்தானே வைப்பார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் அந்த முகத்துக்கு நேராக நின்றிருக்கிறேன். பொட்டு சரியாக நடுவில் விழுகிறதா என்று பார்த்தேனே ஒழிய, எதன் மேல் விழுகிறது என்று பார்த்ததே இல்லை. 

"அது நூறுகளோட வட்டம்," என்றார் கீழேயிருந்து இன்ஸ்பெக்டர். "அதனாலதான் தப்பெல்லாம் நூறு நூறாவே வந்திருக்கு. நீங்களே ஆதாரமா எழுதியிருக்கீங்களே. ஆயுத பூஜையில ஆரம்பிச்சது, நீங்க ஊருக்குப் போனதும் நின்னது, வந்ததும் திரும்ப வந்தது."

நான் இல்லாத மாதங்களில் என் கணவர் ஊதுபத்தி மட்டும் கொளுத்தியிருக்கிறார். சந்தனம் காய்ந்து தானாக உதிர்ந்திருக்கிறது.

இன்ஸ்பெக்டர் மீட்டர்காரரிடம் மலாயில் கேட்டார். ஏன் இதை எழுதவில்லை? மலாய் எனக்கும் புரியும். மீட்டர்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அது அவங்க சாமிக்கு வச்சது. நான் எப்படிக் கை வைக்கிறது? படிக்க முடியலைன்னு எழுதினா ஆபீஸ்லேருந்து அத எடுக்கச் சொல்லி லெட்டர் வரும். அவங்க மனசு கஷ்டப்படும். பக்கத்து முள்ள வச்சுக் கண்டுபிடிச்சிடலாம்னு நினைச்சேன்."

அது முடியாத காரியம் இல்லை என்று இன்ஸ்பெக்டரே எங்களுக்கு விளக்கினார். ஆயிரத்து வட்டத்தில் முள் இரண்டு எண்ணுக்கு நடுவில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்தால், நூறு எத்தனை என்று ஏறக்குறையச் சொல்லலாம். ஏறக்குறைய. சில மாதம் சரியாக இருக்கும், சில மாதம் ஒன்று கூடும், ஒன்று குறையும்.

"ஆனா அது ரூல் இல்ல," என்றார். "படிக்க முடியலன்னா முடியலன்னு எழுதணும். பார்க்காத நம்பர எழுதினா அது பொய் ரீடிங். அதுக்கு வேலையிலேர்ந்து எடுத்துடுவாங்க."

"சார், நான் லெட்டரத் திரும்ப வாங்கிக்கிறேன்," என்றேன். முக்காலியிலிருந்து இறங்கக்கூட இல்லை.

"ரெஜிஸ்டர் தபாலும்மா. நகல் வேற மேல போயிருக்கு. அங்கேருந்து கேட்டிருக்காங்க. நான் ரிப்போர்ட் எழுதியே ஆகணும்." கோப்பை மூடிக்கொண்டு, "நீங்க இவ்வளவு நல்லா எழுதாம இருந்திருந்தா ஏதாவது செய்திருக்கலாம்," என்றார்.

மீட்டர்காரருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கணவர் கேட்டார். ஐந்து என்றார். அவர்கள் போனபின் கணவர் மோட்டாரைப் போட்டார்.  திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அன்று பிற்பகலே மறுபடி டைப்ரைட்டரை எடுத்தேன். புகாரைத் திரும்பப் பெறுவதென்றாலும் அதற்கும் ஆதாரம் வேண்டும். எனக்கு இருந்த ஒரே வழி, அந்த மனிதர் எழுதிய தப்பால் ஆபீசுக்கும் நஷ்டமில்லை, எங்களுக்கும் நஷ்டமில்லை என்று காட்டுவது. அது எனக்குத் தெரியும். பதிவுத் தபாலில் போன கடிதத்தை எழுதும்போதே தெரியும்.

ஏனென்றால் டிசம்பர் பில் பாதித் தொகைக்குத்தான் வந்திருந்தது.

அது அன்றைக்கும் கம்பிக் கொக்கியில்தான் இருந்தது. ஆதாரங்களைக் கழற்றியபோது என் விரல் அதன் மேல் பட்டது. பட்டதும் அதைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தேன். அந்தப் பில் வந்தபோது நான் புகார் எழுதவில்லை. கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கட்டிவிட்டு வந்து, மிச்சத்தில் பிறக்கப்போகும் குழந்தைக்குத் தொட்டில் துணி வாங்கினேன். அக்டோபரில் நூறு கூட எழுதியவர் டிசம்பரில் இருநூறு குறைத்து எழுதியிருந்தார். ஜனவரியில் நூறு கூடியதும் எல்லாம் நேராகிவிட்டது. கூட்டிப் பார்த்தால் பிப்ரவரி வரை ஒரு யூனிட்கூட யாருக்கும் யாரும் தர வேண்டியதில்லை. ஏப்ரலின் நூறும் அடுத்த பில்லில் தானாகக் கழிந்துவிடும்.

அவர் பார்க்காததை எழுதினார். நான் பார்த்ததை எழுதாமல் விட்டேன். அவருக்கு வேலை போகும் என்கிறார்கள், என்னை நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்கிறார்கள்.

டிசம்பர் பில்லை மேசையில் வைத்தேன். கணவரை மேலே கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தெரிஞ்சேதான் விட்டியா?"

"தெரிஞ்சேதாங்க."

"அப்ப அதையும் எழுது," என்றார். "சுருக்கமா எழுது. மன்னிப்பெல்லாம் ஒரு தடவ போதும்."

இரண்டாவது கடிதம் அரைப்பக்கம்தான். மீட்டரின் கண்ணாடியை மறைத்தது நான். என் வழிபாட்டை மதித்தே தங்கள் ஊழியர் அதைத் தொடவில்லை. குறைவாக வந்த டிசம்பர் பில்லை முந்தைய கடிதத்தில் நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை, அது இப்போது இணைக்கப்பட்டுள்ளது. எல்லாப் பில்களையும் கூட்டினால் வேறுபாடு இல்லை. தண்டனை என்று ஒன்று இருந்தால் அது அவருக்கு உரியதல்ல. நகல், சட்டமன்ற உறுப்பினருக்கு. மூன்று தடவை தட்டினேன். முதல் இரண்டில் கண்ணீர் பட்டு மை கலைந்துவிட்டது. தட்டச்சுப் பள்ளியில் அதற்கு வழி சொல்லித் தரவில்லை.

பதில் வந்தது. தாங்கள் குறிப்பிட்ட விஷயம் கவனிக்கப்படுகிறது.

மே மாதக் கடைசியில் வேறொருவர் வந்தார். இளைஞர், சீனர், அவசரக்காரர். பழையவர் எங்கே என்று கேட்டேன், தெரியாது என்றார். ஜூனிலும் அவர்தான். மே பில்லில் ஏப்ரலின் நூறு கழிந்திருந்தது, மற்றபடி பில்கள் இரண்டும் அச்சுப் பிசகாமல் சரியாக இருந்தன. அவற்றைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கொக்கியில் குத்தும்போது கையைக் குத்திக்கொண்டேன்.

ஜூலை கடைசியில் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. காதில் பென்சில் இருந்தது.

கணவர் மோட்டாரை நிறுத்திவிட்டு, "அபாங்!" என்று ஓடினார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் நின்றேன். மன்னிப்புக் கேட்பதற்கென்று மலாயில் நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அவற்றைத் தொடங்குவதற்குள் அவர் முக்காலியில் ஏறினார். டார்ச் அடித்தார். உடனே இறங்கிவிட்டார்.

"பொட்டு எங்க?" என்று மலாயில் கேட்டார். முகம் வாடியிருந்தது. "என்னால எடுத்துட்டீங்களா?"

நான் டார்ச்சை அவர் கையோடு பிடித்துக் கீழே திருப்பினேன். கண்ணாடிக்குக் கீழே, மீட்டர் பொருத்தியிருந்த மரப்பலகையில், முந்தின வெள்ளிக்கிழமை வைத்த சந்தனமும் குங்குமமும் இருந்தன. அவர் அதைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ரெண்டாவது லெட்டர எனக்குப் படிச்சுக் காட்டினாங்க," என்றார். "எச்சரிக்கையோட விட்டுட்டாங்க. ரெண்டு மாசம் ஸ்டோர்ல வேல. டிசம்பர் விஷயத்த நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"படிக்க முடியலன்னு நீங்க எழுதியிருக்கலாம்," என்றேன்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது, அதைக் குழந்தையின் தலைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் மறுபடி ஏறினார். இந்தத் தடவை தள்ளி நின்றுகொண்டு, என்னையும் பார்க்கச் சொன்னார். நான் குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு அரிசி மூட்டை மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். அவர் ஒவ்வொரு வட்டமாக விரலால் காட்டி எண்ணைச் சொன்னார். மூன்றாவது வட்டத்தில் முள் ஏழைத் தாண்டி நின்றது. அவர் ஏழு என்று எழுதினார். நானும் பார்த்தேன்.